எஃப் ஒன்பதும் நூற்றறுபது டன் உப்பும்

என் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று ஏழெட்டு மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், கப்பல்காரர்களிடம் சொன்னேன், மனைவியின் சித்தப்பா நலம் விசாரித்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் பதறிப்போய், காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டார். கடைசியில் ஆபீஸ் செலவில் ஆள் வரவழைத்துப் பார்த்ததில் மிஷினில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. மிஷினை மந்தமாக்கியது நான் என் கையால் கட்டி வளர்த்த ஒரு எக்செல் ஃபைல்தான்.

நான் கப்பல் சர்வேயர். என் தொழில் இது. ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றியிருக்கிறது என்பதை, அது தண்ணீரில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. கப்பலின் முன்னும் பின்னும் நடுவிலும், இரண்டு பக்கமும் மீட்டர் குறிகள் எழுதியிருக்கும். படகில் சுற்றிவந்து ஆறு இடத்தில் அந்த அளவுகளை எடுக்க வேண்டும். பிறகு கடல் தண்ணீரின் அடர்த்தி, தொட்டிகளில் கிடக்கும் தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, இத்தனை டன் ஏறியாயிற்று, இன்னும் இத்தனை டன் ஏற்றலாம் என்று சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில், புதுத் துறைமுகம் திறந்து சில வருஷமே ஆகியிருந்தபோது, நான் இதைப் பென்சிலால்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கணக்குக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ரப்பர் தேய்ந்துபோகும். பின்னால் கம்ப்யூட்டர் வந்து, ஆறு அளவைத் தட்டியதும் கண்சிமிட்டும் முன் விடை வந்து நின்றபோது, இத்தனை வருஷம் பென்சில் பிடித்ததை நினைத்து எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த அவமானத்தைத் தீர்த்துக்கொள்ள நான் கட்டியதுதான் அந்தப் பெரிய ஃபைல்.

அதில் எங்கள் ஆபீஸ் பார்த்த அத்தனை கப்பலும் இருந்தன. எந்தக் கப்பல், எந்தத் தளம், எந்த அறையில் எவ்வளவு, எந்த லாரி எத்தனை மணிக்கு எடைமேடையில் ஏறியது, எல்லாம். லட்சத்துக்கு மேல் வரிசைகள், நாற்பதுக்குப் பக்கத்தில் ஷீட்டுகள். ஒவ்வொரு ஷீட்டும் இன்னொன்றைப் பார்த்துக் கணக்குப் போடும், அது மூன்றாவதைப் பார்க்கும். யாராவது, "இதனால் என்ன பயன்" என்று கேட்டால், "பிற்காலத்தில் தெரியும்" என்பேன். ஆபீஸில் அதற்கு யானை என்று பேர் வைத்துவிட்டார்கள். காலையில் வந்ததும், "யானை எந்திரிச்சிட்டா அண்ணாச்சி?" என்பார்கள். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். யானை முழு உடம்பையும் ஒருமுறை உதறிக் கணக்குப் போட்டு முடிக்க மூன்று நிமிடம் ஆகும். அதுவரை கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐம்பது லாரிச் சீட்டைப் பதிய ஐம்பது தடவை மூன்று நிமிடம். நான் அந்த மூன்று நிமிடங்களில் தடித்தடியான நாவல்களைப் படித்து முடித்தவன்.

பாளையங்கோட்டை ரோட்டிலிருந்து வந்த சர்வீஸ்காரர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வைரஸ்லாம் ஒண்ணும் கெடையாது. நீங்க ஒண்ணு தட்டுனா அது எல்லாத்தையும் திரும்பக் கணக்குப் போடுது. ஆட்டோமேட்டிக்ல கெடக்கு. மேனுவல்ல போட்டுருவோம்" என்றார்.

"போட்டா?"

"நீங்க பாட்டுக்குத் தட்டிக்கிட்டே போலாம். அது அசையாது. உங்களுக்கு எப்ப விடை வேணுமோ, அப்ப எஃப் ஒன்பத அமுக்குங்க. மொத்தமா ஒரே தடவ போட்டுரும்."

மேலே ஃபார்முலாஸ் என்ற இடத்தைச் சொடுக்கி, கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, மேனுவல் என்பதைத் தொட்டார். அவ்வளவுதான். நான் ஒரு எண்ணைத் தட்டினேன். யானை அசையவில்லை. இன்னொன்றைத் தட்டினேன். அப்போதும் அசையவில்லை. ஃபைலைச் சேமிக்கும்போது மட்டும் மறுபடி மூன்று நிமிடம் நின்றது. சேமிக்கும் முன் கணக்குப் போடு என்று ஒரு டிக் இருக்கிறது, அதனால்தான் என்று சொல்லி, நான் கேட்டுக்கொண்டதால் அவர் அதையும் எடுத்துவிட்டார். அதற்குப் பின்னும் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் மனம் முழுவதும் இனி மிச்சமாகப் போகும் மூன்று நிமிடங்களில் கிடந்தது.

இரண்டு வாரம் சொர்க்கம். மூன்றாவது வாரம் அந்த உப்புக் கப்பல் வந்தது.

அது சின்னக் கப்பல்தான், ஏழாயிரம் டன்னுக்குப் பக்கம். முத்தையாபுரத்துப் பக்கத்து உப்பளங்களிலிருந்து லாரிகளில் வரும் உப்பைக் கப்பல் நிற்கும் தளத்தில் கொட்டுவார்கள். கப்பலின் இரண்டு கிரேன்களும் கிராப் என்ற இரும்பு வாயால் அள்ளி உள்ளே போடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் வாடிக்கைக் கப்பல். ஏற்றும் அளவுகூடக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அதன் சீஃப் ஆபீசர் மணப்பாட்டுக்காரர். சரக்கு ஏற்றும் பொறுப்பு முழுக்க அவருடையது. கப்பல்காரர்கள் வழக்கப்படி நான் அவரை சீஃப் என்று கூப்பிடுவேன், அவர் ஊர் வழக்கப்படி என்னை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் வயது ஒன்றுதான். ஆனாலும் அந்த மரியாதையை நான் மறுத்ததில்லை.

அன்றைக்கு அவர் கப்பலைவிட்டு இறங்கும் நாள். ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பதில் ஆளும் காலையிலேயே கப்பலில் ஏறியிருந்தார். இறங்கும் நாளை அவரே கம்பெனியிடம் சொல்லி வாங்கியிருந்தார். காரணம், சாயங்காலம் நாலு மணிக்கு மணப்பாட்டில் அவருடைய மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மோதிரம் மந்திரிப்பார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வருகிறார்கள், கார் துறைமுக வாசலில் நிற்கிறது, எல்லாம் எனக்குக் காலை எட்டு மணிக்கே சொல்லிவிட்டார். சரக்கு முடிய வேண்டும், கடைசி அளவு சரியாக இருக்க வேண்டும், பதில் ஆள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பின்தான் அவர் படியிறங்க முடியும்.

"ரெண்டு மணிக்குள்ள என்னய வுட்டுருவீங்களா அண்ணாச்சி?"

"ஒண்ணரைக்கே விடுதேன், சீஃப். நீங்க சட்டைய இஸ்திரி போடுங்க."

இதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சந்தோஷத்தில் சொன்னது.

பதினோரு மணிக்குப் படகில் சுற்றி ஆறு அளவையும் எடுத்தேன். தண்ணீரை வாளியில் மொண்டு அடர்த்தி பார்த்தேன். தொட்டி அளவுகளைக் கப்பலில் கொடுத்தார்கள். தளத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. மேஜைமேல் லேப்டாப். அதில் யானை காலையிலிருந்து திறந்தபடி கிடந்தது. அதை மூடாமலே, போன தடவை இதே கப்பலுக்குப் போட்ட சின்னக் கணக்கு ஃபைலைத் திறந்தேன். புதுப் பேரில் சேமித்தேன். தேதியை மாற்றினேன், ஆறு அளவையும் தட்டினேன், அடர்த்தி, தண்ணீர், எண்ணெய் எல்லாம் தட்டினேன். சின்ன ஃபைல், எப்போதும் கண்சிமிட்டும் முன் விடை சொல்லும் ஃபைல். அடிவரியில் மஞ்சள் கட்டத்தில் விடை இருந்தது. இன்னும் ஏற்ற வேண்டியது 440 டன்.

வழக்கமாக சீஃபும் தன் பங்குக்குக் கணக்குப் போடுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் எண் வெளியே போகும். அன்றைக்குப் போன் செய்து சொன்னதும், "போன தடவயும் இந்த நேரத்துல அம்புட்டுதான இருந்திச்சு. உங்க நம்பரே போதும் அண்ணாச்சி, நான் இவருக்கு ரூம்பெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

போன தடவையும் அவ்வளவுதான் இருந்தது. அதை அவர் சொன்னார், நான் கேட்டேன். கேட்டுவிட்டு, பார்த்தீர்களா எவ்வளவு சீரான கப்பல் என்று மகிழ்ந்தேன்.

தளத்தில் ஏற்றுமதி வேலைக்குப் பொறுப்பான ஃபோர்மேனிடம் எண்ணைச் சொன்னேன். அவர் இருபது டன் லாரி இருபத்திரண்டு என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்த்து, உப்பளத்துக்குப் போன் போட்டார். இரண்டு கிரேனும் ஓட ஆரம்பித்தன. மணிக்கு நூற்றெழுபது டன்போல உள்ளே போகும்.

நான் கொட்டகைக்குத் திரும்பி யானையை எடுத்துக்கொண்டேன். எடைமேடைச் சீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தட்டினேன். எதற்கும் காத்திருக்க வேண்டாம். மேனுவல் என்ற ஒரு வார்த்தையில் மனிதனுக்கு எத்தனை விடுதலை என்று சர்வீஸ்காரரை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே தட்டினேன். கடைசிச் சீட்டும் முடிந்தபோது மணி ஒன்று. எஃப் ஒன்பதை அமுக்கினேன். கீழே ஓரத்தில் சதவீதம் ஓட ஆரம்பித்தது. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சாளைக் குழம்பு. நான்காவது கவளத்தில் யானை கணக்கை முடித்துவிட்டது. இடது கையால் சின்ன ஃபைலுக்குப் போனேன், கடைசி அளவுக்கு இடம் தயார் செய்து வைக்கலாமென்று.

மஞ்சள் கட்டத்தில் 212 என்று இருந்தது.

நான் அந்த ஃபைலைத் தொடவே இல்லை. இரண்டு மணி நேரமாக அதன் பக்கம் போகவில்லை. யாரோ நான் இல்லாத நேரத்தில் வந்து மாற்றினார்களென்றால், நான் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கையில் குழம்போடு உட்கார்ந்து பார்த்தேன். 212 என்பது 212 ஆகவே இருந்தது.

இப்போது என் புத்தி போன வழியைச் சொல்ல வேண்டும். எந்த எண் சரி என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதலில் வந்ததுதான் சரி, பின்னால் வந்தது தப்பு என்று முடிவு செய்தேன். யானை கணக்குப் போடும்போது வாலை வீசிச் சின்னதைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். ஆகவே 440 சரிதான் என்று எனக்கு நானே நிரூபிக்க, கையைக் கழுவிவிட்டு, ஒரு சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன். பழைய வழக்கம், சுருக்கமாகப் போட்டால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் இன்னும் முப்பது டன் உள்ளே போனது.

பென்சில் 209 என்றது.

சுருக்கமாகப் போட்டதால் மூன்று டன் பிசகு. மற்றபடி 212 தான். பதினோரு மணிக்கு அந்தக் கப்பலில் இருநூற்றுப் பன்னிரண்டு டன்னுக்குத்தான் இடம் இருந்தது. பன்னிரண்டேகாலுக்கே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிரேன் சத்தத்தில் அவர் காதில் எது விழும். எழுந்து ஓடினேன். தளம் இருநூறு அடிதான். அந்த வயதில், அந்த வெயிலில், ஹெல்மெட் ஒரு கையிலும் எச்சில் டப்பா மறுகையிலுமாக ஓடினேன். டப்பாவை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியாது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கையை ஆட்டினேன்.

ஃபோர்மேன் கிரேன்காரனுக்குக் கை காட்டிவிட்டு, "என்ன சர்வேயர் அண்ணாச்சி, சாப்பாடு சரியில்லையா?" என்றார்.

நான் தளத்தின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். கப்பலின் நடுப்பகுதியில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் வரக்கூடாது. கோடு தெரியவில்லை. வட்டத்தின் மேல்விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. கோடு ஓர் உள்ளங்கை அகலம் உள்ளே இருந்தது. பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. நூறு பேர் வேலை செய்யும் தளம். இரண்டு மணி நேரமாக ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. எண் சொன்ன பிறகு எவன் கப்பலைப் பார்ப்பான்?

ஃபோர்மேனும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏலே, கிராப மேல தூக்கி வையி. ஒரு கல்லு உப்பு உள்ள போவக் கூடாது" என்று கிரேன்காரனிடம் கத்தினார். பிறகு தணிந்த குரலில், "அவருட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

கப்பல் படிகளில் ஏறிப் போனேன். சீஃப் தன் அறையில் வெள்ளைச் சட்டை போட்டு, பட்டன் மாட்டிக்கொண்டிருந்தார். பெட்டி கட்டி வாசலில் நிறுத்தியிருந்தது. அதன்மேல் ஒரு பொம்மைக் கடைப் பை, சின்ன மகளுக்கு வாங்கியது.

"ஒண்ணரைன்னு சொன்னீங்க, சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்களே" என்றார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நூற்றறுபது டன் என்ற எண்ணை மட்டும் மூன்று தடவை சொன்னதாக நினைவு. அவர் பட்டனில் வைத்த கையை எடுக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வாழ்க்கையில் என்னைவிடப் பெரிய மடையர்களையெல்லாம் கண்டபடி திட்டியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குத் திட்டவில்லை. போட்ட பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்துக் கட்டில்மேல் வைத்தார். கொக்கியில் தொங்கிய அழுக்கு வேலை உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பாப்போம்" என்றார்.

பதில் ஆள் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டார், கோடு மேலே வராமல் கையெழுத்துப் போட முடியாது என்று. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். சீஃப் தொட்டியிலிருந்த நல்ல தண்ணீரில் நாற்பது டன்னைக் கடலுக்குள் விட்டார். பாக்கி நூற்றிருபது டன்னை உப்பாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஏற்றிய சரக்கைத் திரும்ப இறக்க எழுதி வாங்க வேண்டும். முக்கால் மணி நேரம் நான் ஆபீஸ் ஆபீஸாக ஓடி எழுதி வாங்கினேன். ஒவ்வொரு மேஜையிலும், "ஏன் கூடுதலா ஏத்துனீங்க?" என்று கேட்டார்கள். "கணக்குல தப்பு" என்றேன். "கம்ப்யூட்டர்ல போடலியா?" என்றார்கள்.

வரிசையில் நிற்கும்போது சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"பெரிய ஃபைல் தொறந்து கெடக்கும்போது சின்னதத் தொறந்தீங்களோ?"

"ஆமா."

"அப்ப அதுவும் மேனுவல்தான் அண்ணாச்சி. ஃபைலுக்கு ஃபைல் தனியா கெடையாது. மொதல்ல எத தொறக்கீங்களோ அதோட மோடுதான் பொறவு தொறக்குற எல்லாத்துக்கும். நீங்க தட்டுன அளவு புதுசு, காட்டுன விடை பழசு. போன கப்பலோட விடை. எஃப் ஒன்பது அமுக்குனதும் தொறந்து கெடக்குற எல்லாத்தையும் சேத்துப் போட்டுருக்கும்."

"சேமிச்சேனே. அப்பவாவது மாறியிருக்கணும்ல?"

"சேமிக்கும்போது போடுற டிக்க எடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க. கீழ எடது மூலைல கால்குலேட்னு ஒரு வார்த்த நின்னிருக்குமே, பாக்கலியா?"

நின்றிருக்கும். யானையின் மூலையில் அது இரண்டு வாரமாக நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தது. கணக்கு இன்னும் போடவில்லை என்பதற்கான அடையாளம் என்று தெரியாமல், அதை மிஷினின் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டு, என் கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டது.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னேனே. நீங்க தலையாட்டிக்கிட்டேதான இருந்தீங்க."

ஆக, சீஃபும் நானும் ஒத்துக்கொண்ட அந்த 440, மூன்று வாரத்துக்கு முன்னால் கடலுக்குப் போய்விட்ட பயணத்தின் எண். கப்பல் அப்படியே சீராக இருக்கிறதே என்று நான் மகிழ்ந்தது அதற்காகத்தான். விடை மாறாததை விடை சரி என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டேகாலுக்கு கிராப் மறுபடி இறங்கியது, இந்தத் தடவை வெளியே எடுக்க. ஏற்றுவதைவிட எடுப்பது மெதுவான வேலை. ஒரே இடத்தில் அள்ளினால் கப்பல் சாயும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று அள்ள வேண்டும். சீஃப் உப்பின் ஓரத்திலேயே நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். நான் தளத்தில் நின்று ஒவ்வொரு லாரியையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் குறிக்கச் சொல்லவில்லை.

மூன்று மணியிலிருந்து அவருக்குப் போன் வர ஆரம்பித்தது. முதல் இரண்டு தடவை, "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். மூன்றாவது தடவை, நான் படியில் ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றிருந்தபோது, மனைவியிடம், "இல்ல புள்ள. கப்பல்ல ஒரு சிக்கல். நீங்க நடத்துங்க. உன் அண்ணன என் எடத்துல நிக்கச் சொல்லு" என்றார். யாரால் சிக்கல் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாலேகாலுக்கு மறுபடி போன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, கிரேன்காரனைப் பார்த்து நிறுத்து என்று கை காட்டினார். கிராப் பாதி உயரத்தில் வாயைத் திறந்தபடி நின்றது, அதிலிருந்து உப்பு சொரிந்துகொண்டிருந்தது. தளத்தில் சத்தம் அடங்கியது. போனில் பலர் சேர்ந்து ஜெபம் சொல்வது எனக்கே லேசாகக் கேட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். உதடு அசைந்தது. கீழே நின்ற ஃபோர்மேன் என்ன ஏது என்று தெரியாமலே தலைப்பாகையை அவிழ்த்தார். நானும் ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு போனைப் பையில் போட்டு, முகத்தைத் துடைத்து, "ம், எறக்கு" என்றார் கிரேன்காரனிடம்.

கோடு தண்ணீருக்கு மேல் வந்தபோது மணி நாலே முக்கால். கடைசி அளவை நான் படகில் போய் எடுத்தேன், பென்சிலால் போட்டேன், லேப்டாப்பிலும் போட்டேன், எஃப் ஒன்பதை நான்கு தடவை அமுக்கினேன். சீஃப் தானும் தனியாகப் போட்டார். மூன்றும் ஒன்றாக இருந்தன. கையெழுத்து ஆனது. ஐந்தரைக்கு அவர் படியிறங்கினார். மணப்பாடு போய்ச் சேர ஏழாகும். மாப்பிள்ளை வீட்டு வேன்கள் அதற்குள் திரும்பியிருக்கும்.

மறுநாள் காலையில்தான் இன்னொன்று தெரிந்தது. யானை திறந்திருந்த இரண்டு வாரத்தில் நான் திறந்து சேமித்த அத்தனை சின்ன ஃபைலும் மேனுவல் என்ற அடையாளத்தோடே சேமிப்பாகியிருந்தன. அதில் எதை முதலில் திறந்தாலும் அன்றைய நாள் முழுவதும் எல்லாமே மேனுவல். பதினேழு ஃபைல். யானையை மூடிவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிச் சேமித்தேன். அந்த இரண்டு வாரத்தில் போன மற்ற கப்பல்களின் கணக்குகளையும் பென்சிலால் சரிபார்த்தேன். நல்லவேளை, அவை யானையைத் திறக்கும் முன்பே ஆட்டோமேட்டிக்கில் தொடங்கியவை, அல்லது யானையில் எஃப் ஒன்பதை அமுக்கிய பிறகு பார்த்தவை. ஒவ்வொன்றும் சரியாக வரும்போது நிம்மதிக்குப் பதில் பயம்தான் வந்தது. இத்தனை கப்பலும் என் திறமையால் தப்பவில்லை. நான் எதேச்சையாகச் சரியான வரிசையில் ஃபைலைத் திறந்ததால் தப்பியிருக்கின்றன.

யானை இப்போதும் மேனுவலில்தான் கிடக்கிறது. தனியாகத் திறப்பேன், வேலையை முடித்து எஃப் ஒன்பதை அமுக்குவேன், சேமித்து மூடுவேன், எக்செல்லையே மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன்.

ஆறு மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்தது. சீஃப் தன் கையால் என் பேரை எழுதியிருந்தார். அந்த ஆறு மாதமும் அவர் மனைவியை எப்படிப் பார்ப்பது என்ற பயத்திலேயே இருந்தேன். அந்த அம்மாவிடம் சொல்ல ஒரு மன்னிப்பு தயார் செய்தேன். பஸ்ஸில் போகும்போது அதைத் திருத்தினேன், உணர்ச்சி மிகுந்த இடங்களைக் குறைத்தேன். மணப்பாட்டில் இறங்கும்போது நன்றாகவே வந்திருந்தது.

சாப்பாட்டுப் பந்தல் வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் வர முடியாமல் போனதற்கு முழுக் காரணம் நான்தான், அந்தப் பாரத்தை ஆறு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று பாதி வரை வந்தேன். அதற்குள் அவர் என் பக்கம் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார்.

"அத இன்னும் நெனச்சிக்கிட்டா இருக்கீங்க? அன்னைக்கி மாப்பிள வீட்ல சொன்னதுக்கு மேல ஆளு வந்துட்டாவ. நாற்காலியே ஒண்ணு கொறஞ்சிது. இவரும் வந்திருந்தா எங்கன உக்கார வச்சிருப்பேன்?"